ஜவ்வரிசிப் பாக்கெட்டைத் தள்ளும் கேம்

சேலத்தில் ஜவ்வரிசியைப் பாக்கெட் போட்டு அனுப்பும் சின்னக் கூடங்களில், அரைக் கிலோ பாக்கெட்டை பெல்ட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளிவிட ஒரு தள்ளுகோல் இருக்கும். மோட்டார் கேம் எனப்படும், ஒரு பக்கம் புடைத்த தட்டைச் சுழற்றுகிறது, கேம் ஒரு ரோலரைத் தள்ளுகிறது, ரோலர் தள்ளுகோலை 30 மி.மீ. முன்னே கொண்டுபோகிறது. திரும்பி வருவதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் கூடத்தில் இந்தத் தள்ளுகோல் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டித் தட்டி ஓடியது. "ஸ்பிரிங்க மாத்திப் பார்த்தோம், பேரிங்க மாத்திப் பார்த்தோம், சத்தம் போகவே மாட்டேங்குதுங்ண்ணா" என்றார். கேமைக் கழற்றிப் பார்த்தபோது அதன் விளிம்பில் நான்கு இடங்களில் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதிது போலவே இருந்தது.

அந்த நான்கு இடங்கள் எவை என்று பார்த்தாலே நோய் பாதி தெரிந்துவிடும். கேம் ஒரு சுற்றில் முதல் 120 பாகையில் தள்ளுகோலை முன்னே தள்ளுகிறது, அடுத்த 30 பாகைக்கு அப்படியே நிறுத்துகிறது, அடுத்த 120 பாகையில் பின்னே விடுகிறது, மீதி 90 பாகைக்கு அடுத்த பாக்கெட் வரும்வரை சும்மா நிற்க விடுகிறது. தேய்ந்த இடங்கள் சரியாக இந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் இருந்தன. நகர்வின் நடுவில் பிரச்சினை இல்லை. நிற்பதிலிருந்து நகரத் தொடங்கும் இடத்திலும், நகர்வதிலிருந்து நிற்கும் இடத்திலும்தான் அடி விழுகிறது.

பழைய கேமின் வடிவம் பாலிடெக்னிக்கில் எல்லோரும் வரைந்த சிம்பிள் ஹார்மோனிக் வடிவம். அரைவட்டம் போட்டு, அதைச் சம பாகமாகப் பிரித்து, கோடுகளை நீட்டி வரைவோமே, அதுதான். அது ஒன்றும் மோசமான வளைவு இல்லை. வேகம் பூஜ்யத்தில் தொடங்கி, நடுவில் உச்சம் தொட்டு, பூஜ்யத்தில் முடிகிறது. தாளில் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கிறது. கோளாறு முடுக்கத்தில் இருக்கிறது.

நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் 120 பாகை கடக்க 0.222 வினாடி ஆகும். அந்த நேரத்தில் 30 மி.மீ. போகும் ஹார்மோனிக் நகர்வின் உச்ச முடுக்கம், கணக்குப் போட்டால், 3.0 மீ/வி² வருகிறது. அந்த உச்சம் வருவது நகர்வின் முதல் கணத்திலேயே. அதற்கு முந்தைய கணம் வரை தள்ளுகோல் நின்றுகொண்டிருந்தது, முடுக்கம் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து 3.0-க்கு இடைவெளியே இல்லாமல் தாவுகிறது. முடுக்கம் மாறும் வீதத்தை ஜெர்க் என்பார்கள். இங்கே கணக்குப்படி அது முடிவிலி.

ஏற்காடு மலைப்பாதையில் பேருந்தில் போனவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஒரே சீராகத் திரும்பும்போது சாய்ந்தபடி உட்கார்ந்துவிடலாம். ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கும் கணத்தில்தான் தலை கண்ணாடியில் இடிக்கிறது.

இயந்திரத்தில் இதை எண்ணாகவே சொல்ல முடியும். எந்தத் தண்டும், எந்தச் சட்டமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதாவது ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றின் மீது விசையைத் திடீரென்று ஏற்றினால், அதே விசையை மெதுவாக ஏற்றும்போது வளைவதைப் போல இரு மடங்கு வரை வளையும், அப்புறம் அதிரும். ஆகவே ஹார்மோனிக் கேமின் 3.0 என்பது தாளில் 3.0. இயந்திரத்தின் உடம்பில் அது 6 வரை போகலாம். உச்ச முடுக்கம் எதில் குறைவோ அந்த வளைவே நல்லது என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

அப்படியானால் நமக்கு வேண்டியது நகர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் இடமும் வேகமும் மட்டுமல்ல, முடுக்கமும் பூஜ்யமாக இருக்கும் வளைவு. இதற்கு சைக்ளாய்டல் வளைவு உண்டு. நான் எடுத்துக்கொண்டது 3-4-5 பல்லுறுப்புக் கோவை. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

120 பாகையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை 0-விலிருந்து 1 வரை ஓடும் x என்று வைத்துக்கொள்வோம். நமக்கு ஆறு நிபந்தனைகள் இருக்கின்றன: தொடக்கத்தில் இடம், வேகம், முடுக்கம் மூன்றும் பூஜ்யம். முடிவில் இடம் 30 மி.மீ., வேகமும் முடுக்கமும் பூஜ்யம். ஆறு நிபந்தனைக்கு ஆறு கெழுக்கள் போதும், அதாவது x⁵ வரை போகும் ஒரு கோவை. தொடக்க நிபந்தனைகள் மூன்றும் முதல் மூன்று உறுப்புகளைக் காணாமல் அடித்துவிடும். மீதி மூன்றை முடிவு நிபந்தனைகளால் தீர்த்தால் 10, −15, 6 என்று வரும். s என்பது தள்ளுகோல் நகர்ந்த தூரம், h என்பது மொத்த நகர்வான 30 மி.மீ.:

```
s = h (10x³ − 15x⁴ + 6x⁵)
```

இதே 90 சுற்றில் இதன் உச்ச முடுக்கம் 3.5 மீ/வி². ஹார்மோனிக்கை விட அதிகம்தான். ஆனால் அந்த 3.5 ஒரே கணத்தில் வருவதில்லை. பூஜ்யத்தில் தொடங்கி, ஏறக்குறைய 25 பாகை சுழன்ற பிறகுதான் உச்சத்துக்கு ஏறுகிறது. இயந்திரத்துக்கு அந்த ஏற்றத்தோடு சேர்ந்து போக நேரம் கிடைக்கிறது.

இரண்டு வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், மொத்த 30 மி.மீ. நகர்வில் இரண்டுக்கும் உள்ள அதிகபட்ச வித்தியாசம் சுமார் 1.3 மி.மீ.தான். கேமைக் கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு இது அதுவா, அது இதுவா என்று சொல்ல முடியாது. சத்தத்துக்கும் அமைதிக்கும் இடையில் இருப்பது அந்த 1.3 மி.மீ. என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம். அதனாலேயே கண்ணை நம்பி வரையக் கூடாத பொருள் இது.

சரி, வளைவு கிடைத்துவிட்டது. இனி கேமின் அளவு. ரோலருக்கு 16 மி.மீ. விட்டமுள்ள சிஎஃப் 6 என்ற ஸ்டட் வகைப் பேரிங்கை எடுத்தேன், எளிதில் கிடைக்கக்கூடியது. தள்ளுகோல் பின்னே இருக்கும்போது ரோலரின் மையம் கேம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதே கேள்வி. இதைச் சின்னதாக வைத்தால் கேம் அடக்கமாக இருக்கும். ஆனால் சரிவு செங்குத்தாகிவிடும். கேம் ரோலரைத் தள்ளும் திசைக்கும் தள்ளுகோல் போக வேண்டிய திசைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பிரஷர் ஆங்கிள் என்பார்கள். நேர்கோட்டில் ஓடும் தள்ளுகோலுக்கு அது 30 பாகையைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. தாண்டினால் தள்ளும் விசையில் கணிசமான பகுதி தள்ளுகோலை முன்னே தள்ளாமல் வழிகாட்டிப் புஷ்ஷின் மீது பக்கவாட்டில் சாய்க்கும். புஷ் ஒரு பக்கமாகத் தேயும், சில சமயம் இறுகிக்கொண்டு நின்றேவிடும்.

அந்த மையத் தூரத்தை 25 மி.மீ. வைத்தால் கோணம் 36 பாகைக்குப் பக்கத்தில் போகிறது. 40 மி.மீ. வைத்தால் 27-க்குள் அடங்குகிறது. 40 என்று முடிவு செய்தேன். இந்த உச்சம் சரியாக நகர்வின் நடுவில், 60 பாகையில் வருவதில்லை. கொஞ்சம் முன்னதாக, 52 பாகை வாக்கில் வருகிறது, ஏனென்றால் அங்கே வேகம் கிட்டத்தட்ட உச்சத்தில் இருக்க, ஆரம் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. நடுப்புள்ளியில் மட்டும் சோதிப்பவர்கள் கோணத்தைக் குறைவாகவே மதிப்பிடுவார்கள்.

இப்போது வரைய வேண்டும். ரோலர் மையம் போகும் பாதை ஒன்று, கேமின் விளிம்பு வேறொன்று. பாதையிலிருந்து ரோலர் ஆரம் 8 மி.மீ.யைக் கழித்தால் விளிம்பு கிடைக்கும். எந்தத் திசையில் கழிப்பது? பலர் கேம் மையத்தை நோக்கி நேராகக் கழித்துவிடுவார்கள். நிற்கும் கட்டங்களில் அது சரியாகவே வரும், அதனால் சந்தேகமே வராது. ஏறும் சரிவில் ரோலர் தொடுவது மையத்தை நோக்கிய கோட்டில் அல்ல, பாதைக்குச் செங்குத்தான கோட்டில். மையத்தை நோக்கிக் கழித்தால் 27 பாகைச் சரிவில் கேமில் சுமார் 0.9 மி.மீ. உலோகம் கூடுதலாக நிற்கும். அந்த இடத்தில் ரோலர் கணக்கிட்டதைவிட முன்னே தள்ளப்படும், 3-4-5 என்று சொல்லி வெட்டிய கேம் வேறு ஏதோ ஒரு வளைவாக மாறிவிடும்.

செங்குத்தாகக் கழிக்க வேகத்தின் மதிப்பும் வேண்டும், அது சூத்திரத்திலேயே கிடைக்கிறது. ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருளில் நான் எழுதியது இவ்வளவுதான்:

```python
import FreeCAD as App, FreeCADGui as Gui, Part
from math import sin, cos, radians, hypot

h, Rp, rr, B = 30.0, 40.0, 8.0, radians(120)

def p(x):
    return (h*(10*x**3 - 15*x**4 + 6*x**5),
            h/B*30*x**2*(1-x)**2)

def lift(deg):
    d = deg % 360
    if d < 120: return p(d/120)
    if d < 150: return (h, 0.0)
    if d < 270:
        s, v = p((270-d)/120)
        return (s, -v)
    return (0.0, 0.0)

pts = []
for d in range(360):
    s, v = lift(d)
    t, R = radians(d), Rp + s
    n = hypot(R, v)
    a, b = R - rr*R/n, rr*v/n
    pts.append(App.Vector(a*cos(t) - b*sin(t),
                          a*sin(t) + b*cos(t), 0))

c = Part.BSplineCurve()
c.interpolate(Points=pts, PeriodicFlag=True)
face = Part.Face(Part.Wire(c.toShape()))
```

ஒவ்வொரு பாகைக்கும் ஒரு புள்ளி, அவற்றின் வழியே போகும் மூடிய ஸ்ப்ளைன், அதிலிருந்து ஒரு முகம். அதை 12 மி.மீ. தடிக்க உயர்த்தி `cam` என்ற பொருளாக வைத்தேன். ரோலரையும் 8 மி.மீ. ஆரமுள்ள உருளையாக வரைந்து `roller` என்ற பொருளாக வைத்தேன். வளைவு மூடியது என்று `PeriodicFlag` சொல்லிவிடுவதால் முதல் புள்ளியை மறுபடி கடைசியில் சேர்க்கக் கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புள்ளிகளை எக்ஸெலில் கணக்கிட்டு, இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி, அதை கேட் மென்பொருளுக்குள் கொண்டுவருவது நம் பக்கத்தில் சாதாரணம். 0.01 மி.மீ. துல்லியம் என்றால் பட்டறைக்கு அது தாராளம் என்றே தோன்றும். முடுக்கம் என்பது அடுத்தடுத்த மூன்று புள்ளிகளின் வித்தியாசத்தின் வித்தியாசம், அதைக் கோண இடைவெளியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒரு பாகை என்பது 0.01745 ரேடியன், அதன் வர்க்கம் 0.0003. சுருக்கியதால் வரும் பிழை ஒவ்வொரு புள்ளியிலும் 0.005 வரை இருக்கலாம், மூன்று புள்ளிகளில் மோசமாகச் சேர்ந்தால் 0.02 மி.மீ. அதை 0.0003-ஆல் வகுத்தால் ரேடியன் வர்க்கத்துக்கு 66 மி.மீ. நம்முடைய முழு வளைவின் உச்ச முடுக்கமே அந்த அலகில் 39.5-தான்! சுருக்கல் பிழை மட்டுமே அசல் முடுக்கத்தை மூழ்கடித்துவிடக்கூடும். ஸ்ப்ளைன் சமர்த்தாக எல்லாப் புள்ளிகள் வழியாகவும் போகும், அதனால் ஒவ்வொரு பாகைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெளிவு விழும். ரோலர் அதை உணரும். நான்கு தசம இடம் வைத்தால் இந்தப் பிழை நூறில் ஒன்றாகிவிடுகிறது. நிரலிலேயே புள்ளிகளை உருவாக்கினால் சுருக்கும் வேலையே இல்லை.

அப்புறம் அசைவுப் படம். கேமைச் சுழற்ற வேண்டும், ரோலரை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். ரோலர் x அச்சில் நிற்கிறது, கேம் எதிர்த்திசையில் சுழல்கிறது:

```python
for d in range(361):
    cam.Placement = App.Placement(App.Vector(0,0,0),
        App.Rotation(App.Vector(0,0,1), -d))
    roller.Placement = App.Placement(
        App.Vector(Rp + lift(d)[0], 0, 0), App.Rotation())
    Gui.updateGui()
    print(d, round(cam.Shape.distToShape(roller.Shape)[0], 4))
```

ஓடவிட்டால் அழகாகச் சுழலும். ஆனால் இந்தப் படம் எதை நிரூபிக்கிறது? கேமின் சுழற்சியும் ரோலரின் நகர்வும் இரண்டுமே நாம் கொடுத்தவை. ரோலர் உண்மையில் கேமைத் தொடுகிறதா என்பது படத்துக்குத் தெரியாது. 0.9 மி.மீ. உள்ளே புகுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். கண் அதைச் சில சமயம் பிடிக்கும், பெரும்பாலும் பிடிக்காது. அதற்காகத்தான் கடைசி வரி. ஒவ்வொரு பாகையிலும் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கச் சொல்கிறேன்.

அதிலும் ஒரு சிக்கல். தொட்டாலும் தூரம் பூஜ்யம், உள்ளே புகுந்தாலும் பூஜ்யம். ஆகவே சோதனைக்கு மட்டும் ரோலரின் ஆரத்தை 8-க்குப் பதில் 7.9 ஆக வைத்துவிடுவேன். கேம் சரியாக இருந்தால் 360 பாகையிலும் தூரம் 0.1 என்று மாறாமல் வர வேண்டும். எங்காவது பூஜ்யத்துக்கு இறங்கினால் அங்கே உலோகம் அதிகம், 0.1-ஐத் தாண்டினால் அங்கே உலோகம் குறைவு. மையத்தை நோக்கி ஆரத்தைக் கழித்த கேமை இந்தச் சோதனையில் ஓடவிட்டால், நிற்கும் கட்டங்களில் 0.1 என்று நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, சரிவுக்குள் போனதும் பூஜ்யமாகிவிடும்.

தூரம் சரியாக வந்தாலும் வழவழப்பு நிரூபணமாகவில்லை. அதற்கு எதிர்த்திசையில் வர வேண்டும். சூத்திரத்தை மறந்துவிட்டு, வரைந்த கேமை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகையிலும் முழு அளவு ரோலரை வெளியிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்து, தூரம் பூஜ்யமாகும் இடத்தைக் குறித்துக்கொள்வேன். இந்த எண்களிலிருந்து இரண்டு முறை வித்தியாசம் எடுத்தால் கேம் நிஜமாகவே கொடுக்கப்போகும் முடுக்கம் வரைபடமாக வரும். நல்ல கேமில் அது பூஜ்யத்தில் தொடங்கி, ஒரு மேடு ஏறி, ஒரு பள்ளம் இறங்கி, பூஜ்யத்தில் முடியும். இரண்டு தசமப் புள்ளிகளில் வரைந்த கேமில் ரம்பப் பற்கள் போல மேலும் கீழும் குத்தும். அசைவுப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும். சத்தம் எது, அமைதி எது என்று சொல்வது இந்த வரைபடம்தான். அதனால் அசைவுப் படத்தை யாருக்கு அனுப்பினாலும் பக்கத்தில் இதையும் வைத்தே அனுப்புகிறேன்.

ஸ்பிரிங்கையும் இதே எண்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தள்ளுகோல் திரும்பத் தொடங்கும்போது கேம் அதை இழுக்காது, விலகிக்கொள்ளும். பின்னே விரட்டுவது ஸ்பிரிங் மட்டுமே. தள்ளுகோலின் எடை 1.2 கிலோ, முடுக்கம் 3.5, ஆகவே 4.2 நியூட்டன் வேண்டும், அதோடு வழிகாட்டியின் உராய்வும் சேரும். உராய்வை 3 நியூட்டன் என்று வைத்தால், அந்த நிலையில் ஸ்பிரிங் 7.2 நியூட்டனுக்கு மேல் கொடுத்தால்தான் ரோலர் கேமை விட்டுப் பிரியாது. சீசனில் வேகம் கூட்ட வேண்டும் என்று புல்லியை மாற்றி 120 சுற்றில் ஓட்டினால், முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 6.2 ஆகிவிடும். அப்போது எடைக்கு மட்டும் 7.5 நியூட்டன், உராய்வோடு 10.5. முதல் கணக்குக்கு மட்டும் பொருத்திய ஸ்பிரிங்கில் ரோலர் காற்றில் தூக்கி, மறுபடி கேமில் வந்து விழும். அந்தச் சத்தமும் தட்டுவது போலத்தான் கேட்கும், ஆனால் தேய்மானம் கட்டங்களின் எல்லையில் இல்லாமல், ரோலர் வந்து விழும் சரிவில் இருக்கும். ஆகவே கூடத்தில் எந்த வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கேம் வரைபடத்திலேயே எழுதிவிடுகிறேன். இங்கே 120-க்குப் போதுமான ஸ்பிரிங் போட்டோம்.

இதைவிட வேகமாக ஓட வேண்டிய இயந்திரம் என்றால் 3-4-5-க்கும் வரம்பு உண்டு. முடுக்கம் பூஜ்யத்திலிருந்து தொடங்கினாலும் ஜெர்க் திடீரென்றுதான் தொடங்குகிறது. அதையும் பூஜ்யமாக்க 4-5-6-7 கோவை இருக்கிறது, ஆனால் அதன் உச்ச முடுக்கம் நம் 90 சுற்றில் 4.6-க்குப் பக்கத்தில் போகும். தண்டுச் சாவியிலும் வழிகாட்டியிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் இந்த மாதிரி இயந்திரத்தில் அந்த ஆதாயம் தெரியாது, கூடுதல் விசை மட்டும் தெரியும்.

கடைசியாக, கேமை மெல்லிய கம்பியால் வெட்டியெடுக்கும் ஒயர் கட். கோப்பை டிஎக்ஸ்எஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது ஸ்ப்ளைனைச் சின்ன நேர்கோடுகளாக உடைக்கும் அமைப்பு இருந்தால் அந்தக் கோட்டின் நீளத்தைப் பார்த்துவிட வேண்டும். 5 மி.மீ. நீளக் கோடுகளாக உடைந்தால், கேமின் இறுக்கமான வளைவுகளில் கோட்டின் நடு உண்மையான விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மி.மீ. வரை விலகக்கூடும், ஒவ்வொரு கோட்டு மூலையிலும் ரோலருக்கு ஒரு சின்ன அடி. முடிந்தால் ஸ்ப்ளைனாகவே கொடுங்கள். வெட்டுபவரின் மென்பொருள் ஸ்ப்ளைனை ஏற்காது என்றால் 0.5 மி.மீ. கோடுகளாக உடைத்துக் கொடுங்கள், கோப்பு பெரிதாகும், அவ்வளவுதான். "இவ்ளோ பாயின்ட் எதுக்குங்க, குறைச்சுக்கலாமா?" என்று ஒயர் கட் பட்டறையில் கேட்பார்கள். குறைக்க வேண்டாம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.